கப் மாவின் எடை: சலித்ததும் அள்ளியதும்

ஒரு கப் மைதா எத்தனை கிராம் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கப்பை நிரப்பும் கையைப் பொறுத்து அது மாறும். கேக், குக்கீ, ரொட்டி ஆகியவற்றுக்கான அமெரிக்கச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் கப் கணக்கில்தான் எழுதப்படுகின்றன. அந்நாட்டுக் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய 237 மில்லிலிட்டர். தண்ணீரை எப்படி ஊற்றினாலும் அதில் 237 கிராம்தான் பிடிக்கும். சர்க்கரை 200 கிராமையொட்டி நிற்கும். மைதாவோ, சலித்து கப்பில் தூவித் தலைதட்டினால் 113 கிராம் அளவில் இருக்கும். பைக்குள் கப்பைவிட்டு அள்ளித் தலைதட்டினால் 142 கிராம் ஆகிவிடும். அழுத்தி அள்ளுகிறவர்களுக்கு 150-ஐத் தாண்டுவதும் உண்டு.

காரணம் காற்று. மாவின் திடப்பொருள் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. அப்படியிருந்தும் சலித்த மாவு நிறைந்த கப்பின் எடை தண்ணீர்க் கப்பின் எடையில் பாதிகூட வருவதில்லை. கப்பில் மூன்றில் இரண்டு பங்கு இடம் வெறும் காற்றுதான். மாவுத் துகள்கள் மிக நுண்ணியவை. தம் எடையால் சரிந்து கீழே உட்காருவதைவிட, பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்வதே அவற்றுக்கு எளிது. ஆகவே இடையிடையே வெற்றிடம் விட்டுத் தாறுமாறாக அடுக்கிக்கொள்கின்றன. பை லாரியில் குலுங்கும்போதும், அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போதும் அந்த அடுக்கு உடைந்து மாவு இறுகுகிறது. சல்லடை அதை மறுபடி பொலபொலப்பாக்குகிறது. சர்க்கரைப் பரல்கள் பெரியவை. தம் எடையாலேயே ஒழுங்காக உட்கார்ந்துவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

தலைதட்டி அளக்கும் முறையை அமெரிக்க வீடுகளில் நிலைநிறுத்தியவர் பாஸ்டன் சமையற்பள்ளியின் ஃபேனி ஃபார்மர். 1896இல் வெளிவந்த அவருடைய சமையல் நூல், மாவைச் சலித்த பிறகே அளக்கச் சொல்கிறது. பிற்காலத்தில் ஆலைகளே சலித்த மாவை விற்கத் தொடங்கின. வீட்டில் சலிக்கும் வழக்கம் மெல்லக் குறைந்தது. இன்று கிங் ஆர்தர் மாவு நிறுவனம் ஒரு கப்பை 120 கிராம் என்று கொள்கிறது: மாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் இட்டுத் தலைதட்டுவது அவர்கள் முறை. அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன் குழு, அள்ளித் தலைதட்டும் முறைக்கு ஏற்ப 5 அவுன்ஸ், அதாவது 142 கிராம் என்கிறது. இரண்டுமே தத்தம் குறிப்புக்குச் சரியானவை. ஒருவருடைய குறிப்பை மற்றவருடைய கப்பில் அளக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

ஒரு ரொட்டிக்கு 3 கப் மாவு, 240 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். சலித்து அளந்தால் மாவு 339 கிராம். தண்ணீர் அதில் 71 விழுக்காடு. பிசையும்போது மாவு கையில் ஒட்டும், இளகிக் கிடக்கும். அள்ளி அளந்தால் மாவு 426 கிராம். தண்ணீர் 56 விழுக்காடாகிவிடும். இப்போது அதே மாவு விறைப்பாகத் திரளும், பிசையக் கை வலிக்கும். இடையிலுள்ள 87 கிராம், சலித்த மாவுக் கணக்கில் முக்கால் கப்புக்கும் மேல். ரொட்டியிலாவது கொஞ்சம் தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாம். வெண்ணெயும் முட்டையும் சேர்ந்த கேக் கலவையில் கூடிப்போன மாவை அப்படி எளிதில் ஈடுகட்ட முடியாது. உருட்டி வைத்த குக்கீ அடுப்பில் பரவாமல் உருண்டையாகவே நின்றாலோ, கேக் வறண்டு உதிர்ந்தாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது அள்ளிய கப்பைத்தான்.

குறிப்பில் சொற்கள் நிற்கும் வரிசையும் முக்கியம். 'சலித்த மாவு 1 கப்' என்றிருந்தால் முதலில் சலித்துப் பிறகு அளக்க வேண்டும். '1 கப் மாவு, சலித்தது' என்றிருந்தால் அளந்த பிறகு சலிக்க வேண்டும். இந்த இடமாற்றம் மட்டுமே ஒரு கப்புக்கு 10 முதல் 30 கிராம் வரை வித்தியாசம் தந்துவிடும்.

தராசு இருந்தால் பாத்திரத்தை வைத்து எடையைச் சுழியமாக்கி, மாவை நேராக அதிலேயே கொட்டலாம். அதுவும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது: மாவுக்கு மாவு தண்ணீர் இழுக்கும் அளவு வேறுபடும் என்பதால், கடைசிக் கரண்டித் தண்ணீரைக் கையின் பதம் பார்த்தே சேர்க்க வேண்டும். தராசு இல்லாதவர்கள் மாவைக் கிளறி, கரண்டியால் இட்டு, கப்பைத் தட்டாமலும் குலுக்காமலும் கத்தியின் முதுகால் வழித்துவிட்டால் 120 கிராமுக்கு அருகில் வரும். கிராம் குறிக்காத பழைய அமெரிக்கக் குறிப்பு கையில் கிடைத்தால், அதை எழுதியவர் சலித்து அளந்தாரா என்பதை நூலின் முன்பக்கங்களில் தேடிப் பார்த்துவிட்டு மாவைத் தொடுங்கள்.