சொல்லுக்கு விலை தெரிந்த கதை

1998 பிப்ரவரியில், அமெரிக்காவின் மான்டரே நகரில் நடந்த டெட் மாநாட்டில் பில் கிராஸ் என்பவர் கோடூ என்ற தேடுதளத்தை அறிமுகப்படுத்தினார். தேடும் சொல்லுக்கு யார் அதிகம் தருகிறாரோ, அவர் பெயர் முதலில் வரும். ஒரு சென்ட்டிலிருந்து ஏலம் தொடங்கும். ஆள் வந்து அழுத்தினால்தான் காசு. இன்னொரு விசேஷமும் இருந்தது. யார் எவ்வளவு கேட்டிருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்படி பக்கத்திலேயே இருந்தது. அப்படி இருக்கும்போது விலையை மதிப்பிட்டுச் சொல்லத் தனிக் கருவி எதற்கு? பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த வெளிச்சம் மறைந்ததில்தான் கீவேர்டு பிளானர் பிறந்தது. 2000 அக்டோபரில் கூகுள் தொடங்கிய ஆட்வேர்ட்ஸ், 2002 பிப்ரவரியில் ஏல முறைக்கு மாறியபோது இரண்டு திருத்தங்களைச் செய்தது. விளம்பரத்தின் இடத்தைப் பணம் மட்டும் முடிவு செய்யாது. எத்தனை பேர் அதை அழுத்துகிறார்கள் என்பதும் சேரும். அடுத்ததாக, நீங்கள் கேட்ட முழுத் தொகையையும் கட்ட வேண்டியதில்லை. உங்களுக்குக் கீழே இருப்பவரைத் தாண்டத் தேவையான அளவு கட்டினால் போதும். இரண்டும் நியாயமான திருத்தங்கள்தான். ஆனால் அதன் பிறகு ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு விலை என்றாகிவிட்டது. எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல, கூகுளே ஒரு மதிப்பீட்டுக் கருவி கொடுக்க வேண்டிவந்தது. சொற்களை எடுத்துத் தரும் கருவி தனியாகவும், செலவைக் கணிக்கும் கருவி தனியாகவும் சில ஆண்டுகள் ஓடின. 2013-ல் இரண்டையும் இணைத்து வந்ததுதான் கீவேர்டு பிளானர்.

இந்தப் பிறப்பை நினைவில் வைத்தால் கருவியைப் படிக்கும் முறையே மாறும். மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று கணக்கெடுப்பதற்காக இது பிறக்கவில்லை. விளம்பர இடத்துக்கு விலை சொல்லவே பிறந்தது. ஆகவே இதில் நான் முதலில் பார்ப்பது தேடல் எண்ணிக்கையை அல்ல, விலைப் பத்தியைத்தான். ஒரு சொற்றொடருக்கு வியாபாரிகள் கைக்காசு கொடுத்துப் போட்டியிடுகிறார்கள் என்றால், அதைத் தட்டுகிறவர்களில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் எதை வாங்குகிறவர்கள்? ஒரகடம் பக்கம், வடக்குப்பட்டைச் சுற்றியுள்ள தொழில்பகுதியில் ஒரு சிறு பவுடர் கோட்டிங் பட்டறையை வைத்துப் பார்ப்போம். பட்டறையும் இனி வரும் எண்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. பட்டறைக்காரர் பிளானரில் `Discover new keywords` என்பதைத் திறந்து, இடத்தைக் காஞ்சிபுரம், சென்னை என்று குறுக்கி, `powder coating` என்று தட்டுகிறார். நீளமான பட்டியல் வரும். அதில் `powder coating machine price` இருக்கும். விலை கேட்கும் சொல், வாங்கும் நோக்கம் தெளிவு. ஆனால் அதைத் தட்டுகிறவர் தேடுவது இயந்திரம். பட்டறைக்காரர் விற்பது வேலை. நோக்கம் சரியாக இருந்தும் ஆள் மாறிப்போகும் இடம் இது. இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

ஊர்ப் பெயர் சேர்த்தால் கூர்மையாகிவிடும் என்று நம்புவதும் இங்கே அவ்வளவு எளிதல்ல. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று தட்டுகிறவர்களில் வேலை தேடும் பிள்ளைகள் ஏராளம். பட்டறைக்காரர் மொழியில் `job work` என்றால் அடுத்தவர் பொருளுக்குக் கூலிக்குச் செய்யும் வேலை, ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு `job` என்றால் உத்தியோகம். இரண்டையும் தேடுபொறி கலந்துவிடலாம். வடக்குப்பட்டு என்ற பெயரை மட்டும் தட்டுகிறவர், 2022-ல் தொல்லியல் துறை அங்கே நடத்திய அகழாய்வைப் படிக்க வந்தவராகவும் இருக்கலாம். அதனால் `jobs`, `vacancy`, `salary`, `walk-in`, `course`, `machine` ஆகியவற்றை முதல் நாளே விலக்குச் சொற்களாகப் போட்டுவிட வேண்டும்.

வேலை கொடுக்கிறவர் எப்படித் தேடுவார்? பொருளையும் நிறத்தையும் முறையையும் சொல்லித் தேடுவார். மின் பேனல் பெட்டி செய்கிறவர் `ral 7035 powder coating job work` என்று தட்டலாம். அந்த வெளிர் சாம்பல் நிறம் அவர் தொழிலில் புழங்குவது. துரு பிடிக்கக் கூடாது என்று கவலைப்படுகிறவர் `7 tank powder coating` என்பார்; கோட்டிங்குக்கு முன் தகட்டைக் கழுவிப் பாஸ்பேட் ஏற்றும் தொட்டி வரிசை அது. இவைதான் லாங் டெயில் சொற்றொடர்கள். நீளம் அல்ல முக்கியம். தொழில் தெரிந்த ஆள் மட்டுமே தட்டக்கூடிய சொல் அதில் இருக்கிறதா என்பதே. இவற்றைப் பிளானர் தானாகச் சொல்லாது. பழைய கொட்டேஷன்களிலும் வாட்ஸ்அப் விசாரணைகளிலும் இருந்து எடுத்து, `Get search volume and forecasts` பகுதியில் நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

போட்டதும் பெரும்பாலும் ஏமாற்றம்தான் வரும். மாதத்துக்கு 10–100 என்றோ வெறும் கோடு மட்டுமோ காட்டும். 2016 முதல், விளம்பரச் செலவு குறைவான கணக்குகளுக்குத் துல்லிய எண்ணுக்குப் பதில் இப்படி அகலமான வரம்புதான் கிடைக்கிறது. ஒரே பொருள் தரும் நெருங்கிய வடிவங்களையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். கோடு இருந்தால் ஆளே இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். கூகுளுக்கு ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்குமுன் வராதவை என்று அந்நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஒற்றைச் சொற்றொடரைப் பார்க்காமல், ஒரே நோக்கமுள்ள ஆறேழு சொற்றொடர்களை ஒரு குழுவாக்கிப் பார்த்தால் மதிப்பீடு கைக்கு வரும். `Competition` பத்தியில் Low என்றிருந்தாலும் மகிழ வேண்டாம். விளம்பரதாரர்கள் குறைவு என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

இப்போது விலை. `Top of page bid` என்று இரண்டு பத்திகள் வரும். பக்க உச்சியில் வருவதற்காக மற்றவர்கள் முன்பு கொடுத்ததன் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் அவை. நம் குழுவுக்கு 15 ரூபாய், 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எதைக் கொடுப்பது? விடை பிளானரில் இல்லை, பட்டறையின் கணக்கு நோட்டில் இருக்கிறது. சராசரி ஆர்டர் 12,000 ரூபாய், அதில் நிற்பது 15 சதவீதம் என்றால் 1,800 ரூபாய். வந்து பார்ப்பவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் போன் செய்து, போன் செய்பவர்களில் நாலில் ஒருவர் ஆர்டர் கொடுத்தால், ஒரு ஆர்டருக்கு 80 கிளிக் தேவை. 1,800-ஐ 80-ஆல் வகுத்தால் 22 ரூபாய் 50 காசு. லாபமும் நட்டமும் இல்லாத எல்லை அது. கீழ் விலையான 15-க்கு மேலே இருப்பதால் களத்தில் இறங்கலாம். 50 ரூபாய்க்காரர் வரும்போது உச்சி இடத்தை விட்டுக்கொடுக்கலாம். எல்லை 15-க்குக் கீழே வந்திருந்தால் அந்தக் குழுவையே விட்டுவிடுவது நல்லது. ஒருமுறை வந்த வாடிக்கையாளர் மாதாமாதம் பொருள் அனுப்புகிறவர் என்றால் மட்டும், 1,800-க்குப் பதில் ஓராண்டு லாபத்தைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்யலாம்.

இந்தக் கணக்கில் ஒளிந்துகொள்வது 18 சதவீத ஜி.எஸ்.டி. பிளானர் காட்டும் செலவில் அது இருக்காது. பதிவு செய்த பட்டறை, தன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கூகுள் கணக்கில் ஏற்றியிருந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு 20 ரூபாய் கிளிக் 23 ரூபாய் 60 காசாகி, எல்லையைத் தாண்டிவிடும்.

மதிப்பீடு சரியா என்று இரண்டு வாரம் ஓட்டினால் தெரியத் தொடங்கும். `Search terms` அறிக்கையில் மக்கள் உண்மையில் தட்டிய சொற்கள் வரும். அங்கே வேலை தேடுகிறவர்களும் இயந்திரம் வாங்குகிறவர்களும் நிறைந்திருந்தால், கிளிக் விலை மலிவாகத் தெரிந்தாலும் போன் வராது. விலக்குச் சொற்களைக் கூட்ட வேண்டும். ஆள் சரியாக வந்தும் போன் வரவில்லை என்றால், கோளாறு சொல்லில் இல்லை. தொட்டியின் அளவும் ஓவனின் நீளமும் குறிப்பிடாத இணையப்பக்கத்தில் அதைத் தேட வேண்டும்.