உப்பில் இறங்கிய முட்டைக்கோஸ்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகருக்குத் தெற்கே ஃபில்டர் என்றொரு சமவெளி. அங்கே விளையும் முட்டைக்கோஸின் நுனி கூம்புபோல் கூர்ந்திருக்கும். இலை நரம்பு மெல்லிசு என்பதால், புளிக்கவைத்த முட்டைக்கோஸான சவர்க்ரௌட் போடுகிறவர்களிடம் அதற்கு மவுசு அதிகம்.

அறுவடையான காயை நூல்போலச் சீவி, கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு போடுகிறார்கள். கண்ணளவு இங்கே உதவாது, தராசு வேண்டும். பிசையப் பிசையக் காய் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீருக்குள்ளேயே முழுகும்படி ஜாடியில் அழுத்தி, மேலே கனம் வைத்துவிட்டால் வெளியிலிருந்து உறைமோர் எதுவும் வேண்டாம். தேவையான பாக்டீரியா இலையோடு வந்திருக்கிறது.

உப்பு எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. அழுக வைக்கும் கூட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியா முந்திக்கொண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்கும். முதல் சில நாள் ஜாடி நுரைப்பது இதனால்தான். அப்போது மூடியை இறுக்கி வைத்தால் கண்ணாடி வெடிக்கலாம். தளர்த்தியே வைக்க வேண்டும். புளிப்பு ஏறியதும் லியூகோனோஸ்டாக் ஒதுங்க, அமிலத்தை இன்னும் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் வேலையை முடிக்கும். 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 4 வாரம். 30 டிகிரி அடுக்களையில் முதல் கட்டம் ஓடிப்போய், காய் குழைந்து வெறும் புளிப்பாகும்.

போட்டுலிசம் கிருமி பிஎச் 4.6க்குக் கீழே வளராது. நன்றாகப் புளித்த ஜாடி 3.5 அளவுக்கு இறங்கிவிடும். ஆக, காவல் காப்பது அமிலம். உடம்புக்கு நல்லதென்று உப்பைப் பாதியாகக் குறைத்தால் அந்த அமிலம் வரும்முன் அழுகல் நுழையலாம். மேலே தட்டையான வெள்ளை ஆடை படிந்தால் வழித்தெறியலாம். பஞ்சுபோன்ற பூசணமோ வழவழப்போ அழுகல் வாடையோ இருந்தால் ஜாடி மொத்தமும் குப்பைக்கு.

இனி பாதை பிரிகிறது. கடை அலமாரியில் ஃபிரிட்ஜ் இல்லாமல் நிற்கும் பாட்டில் பெரும்பாலும் சூடேற்றப்பட்டது. அதில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது. சூடேற்றாததில் இருக்கும். ஆனால் இன்ன ரகம், இன்ன அளவு, இன்ன பலன் என்று நிரூபித்தால்தான் அதைப் புரோபயாடிக் என்று சொல்ல முடியும். வீட்டு ஜாடியில் எந்த ரகம் எவ்வளவு என்று யார் எண்ணினார்கள்? உப்பை மட்டும் எண்ணிவிடலாம்: 100 கிராமில் ஏறக்குறைய 2 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஃபில்டர் பக்கத்து வீடுகளில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கே வேலையில்லை. அவர்கள் சவர்க்ரௌட்டை அடுப்பிலேற்றி, உருளைக்கிழங்கு உருண்டையோடும் பன்றியிறைச்சியோடும் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுகிறார்கள்.