ஒடுவந்தழை நஞ்சும் அமில-காரச் சமநிலையும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலை உள்ளிட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வளரும் ஒடுவன் மரத்தின் இலை, ஒடுவந்தழை எனப்படுகிறது. இதனை உட்கொண்டோரின் மரணத்திற்கு இதயத் துடிப்புக் கோளாறே காரணம் எனக் கருதும் போக்கு மருத்துவர்களிடையே இருந்தது. அப்பார்வை இதயத்திலிருந்து சிறுநீரகத்திற்கு நகர்ந்த வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வு, இந்நஞ்சின் இதய விளைவுகளோடு வளர்சிதைமாற்ற விளைவுகளையும் இணைத்து நோக்கியது. அக்கல்லூரியினரின் 2010ஆம் ஆண்டு ஆய்வு சிறுநீரக நுண்குழல்களின் செயலிழப்பையே மையப்பொருளாக்கியது. அதே ஆண்டில் வெளிவந்த எலிகள் மீதான ஆய்வு, சேய்மை நுண்குழல் அமிலத்தேக்கத்துடன் கரியமிலவாயு மிகும் மூச்சுச் செயலிழப்பும் நேர்வதைக் காட்டியது. விலங்காய்வின் முடிவை மனிதருக்கு அப்படியே பொருத்த இயலாதெனினும், சிகிச்சையில் காணும் குறிகளை அது விளக்குகிறது.

சேய்மை நுண்குழல் தன் பணியை இழக்கும்போது, உடலில் அன்றாடம் உருவாகும் அமிலம் சிறுநீரில் வெளியேறாது தேங்குகிறது, பைகார்பனேட் குறைகிறது. அதன் இடத்தைக் குளோரைடு நிரப்புவதால் எதிர்மின்அயனி இடைவெளி மாறுவதில்லை. சான்றாக, சோடியம் 138, குளோரைடு 114, பைகார்பனேட் 12 எனில் இடைவெளி 12 மட்டுமே. இரத்தம் அமிலமாக இருந்தும் சிறுநீரின் பிஎச் 5.5க்கு மேல் நிற்பது நோயை அடையாளம் காட்டும். வயிற்றுப்போக்கிலும் இடைவெளி மாறாத அமிலத்தேக்கம் தோன்றுமாதலால், அதனை விலக்கிப் பார்த்தல் வேண்டும்.

இந்நிலையில் நுரையீரல் ஈடுசெய்ய முனைகிறது. பைகார்பனேட்டை 1.5ஆல் பெருக்கி 8ஐக் கூட்டினால், எதிர்பார்க்கத்தக்க கரியமிலவாயு அழுத்தம் கிடைக்கும். மேற்கண்ட நோயாளிக்கு அது ஏறத்தாழ 26. அப்போது இரத்தத்தின் பிஎச் 7.29 ஆகும். அழுத்தம் 40 என வந்தால், அது இயல்பான எண்போலத் தோன்றும். ஆயின் பிஎச் 7.10க்கு இறங்கியிருக்கும். ஈடுசெய்ய வேண்டிய மூச்சு தளர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இத்தளர்ச்சிக்குப் பொட்டாசியக் குறைவும் காரணமாகலாம். பழுதுற்ற நுண்குழல்வழிப் பொட்டாசியம் சிறுநீரில் கழிவதால் மூச்சுத் தசைகள் வலுவிழக்கின்றன. இதயத் துடிப்பும் பிறழ்கிறது. முன்னர் இதயத்தின் நோயாகவே கருதப்பட்டதன் ஒரு பகுதி, இவ்வாறு சிறுநீரகத்தின் விளைவாகப் புலப்படுகிறது. பொட்டாசியத்தைச் சீர்செய்யாது பைகார்பனேட்டை மட்டும் செலுத்தினால், எஞ்சிய பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் புகுந்து இரத்தத்தில் மேலும் குறையும். எனவே பொட்டாசியத்தை ஈடுசெய்தல் முந்த வேண்டும்.

முறிமருந்து இல்லாத இந்நஞ்சில், வளிமப் பரிசோதனையை ஒருமுறையோடு நிறுத்தாது மீளமீளச் செய்து, கிடைத்த அழுத்தத்தை எதிர்பார்த்த அழுத்தத்தோடு ஒப்பிடுவதே செயற்கைச் சுவாசத்தின் தேவையைக் காலத்தே உணர்த்தும்.