முதல்ல தண்ணி, அப்புறம்தான் ஸ்விட்ச்! ஹீட்டர் ராடு பெட்டிக்குள்ள இருக்கிற துண்டுச்சீட்டைப் படிச்சிருக்கீங்களா?

மார்கழி பிறந்ததும் எலக்ட்ரிக்கல் கடை வாசல்ல வரிசையா தொங்க ஆரம்பிக்கும் ஒரு பொருள், வாட்டர் ஹீட்டர் ராடு. கீசர் வாங்கி மாட்ட வசதியில்லாத வீடுகளுக்கு சில நூறு ரூபாயில் வெந்நீர். வாங்கிட்டு வந்து பெட்டியைப் பிரிச்சா உள்ளே நாலா மடிச்ச ஒரு சின்னத் தாள் இருக்கும். பெரும்பாலும் இங்கிலீஷ், பொடி எழுத்து. அது அப்படியே பெட்டியோட குப்பைக்குப் போயிடும்.

அந்தத் தாளில் இருக்கிறது மொத்தமே ஏழெட்டு வரிதான். கம்பெனிக்குக் கம்பெனி வார்த்தை மாறினாலும் விஷயம் ஒண்ணுதான். ராடு தண்ணிக்குள்ள இறங்கின பிறகே ஸ்விட்ச் போடணும். ஸ்விட்சை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கின பிறகே ராடை எடுக்கணும். ராடில் இருக்கிற ரெண்டு கோட்டுக்கு நடுவில் தண்ணி நிற்கணும். எர்த் உள்ள மூணு பின் பாயின்ட்டில்தான் சொருகணும். இதுல எந்த வார்த்தையை உத்துப் பார்க்கணும் தெரியுமா? 'பிறகே'. சமையல் குறிப்பில் வெங்காயத்தையும் தக்காளியையும் முன்னப்பின்ன போட்டா ருசிதான் மாறும். இங்கே வரிசை மாறினா ஆள் காலி.

ஏன் இந்த வரிசை?

ராடுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா இது புரிஞ்சிடும். நடுவில் சுருள் சுருளா நிக்ரோம் கம்பி. அதைச் சுத்தி வெள்ளை மாவு மாதிரி மெக்னீசியம் ஆக்சைடு. வெளியே உலோகக் குழாய். கம்பியில் கரன்ட் ஓடும், மாவு சூட்டை மட்டும் வெளியே விட்டு கரன்ட்டைத் தடுக்கும். குழாயின் சூட்டை தண்ணி வாங்கிக்கிட்டே இருக்கும். தண்ணி இல்லாம ஸ்விட்சைப் போட்டா அந்தச் சூடு போக இடமே இல்லை. கொஞ்ச நேரத்தில் குழாய் பழுத்துச் சிவக்கும். பதறிப்போய் அதை அப்படியே பச்சைத் தண்ணியில் விட்டா குழாயில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். விரிசல் வழியா தண்ணி உள்ளே போய் மாவு நனைஞ்சா, அதுக்கப்புறம் கரன்ட்டைத் தடுக்க ஆள் இல்லை. அன்னைக்கு ஒண்ணும் ஆகாம தப்பிச்சாலும், அடுத்த வாரம் பக்கெட்டுக்குள்ள கையை விடுறவருக்கு அடிக்கும்.

சரி, ஸ்விட்சை அணைச்ச பிறகும் எதுக்கு பிளக்கைப் பிடுங்கச் சொல்றாங்க? ஒரே வேலையை ரெண்டு தடவை சொல்ற மாதிரி தோணும். ஆனா, பழைய வயரிங்கில் சில இடத்தில் ஸ்விட்சை ஃபேஸ் வயரில் வைக்காம நியூட்ரல் வயரில் வெச்சிருப்பாங்க. அப்போ ஸ்விட்ச் ஆஃப்னு காட்டும், ராடும் சூடாகாது. ஆனா ஃபேஸ் ராடு வரைக்கும் வந்து காத்துக்கிட்டு இருக்கும். குழாயில் விரிசல் இருந்தா தொட்டவுடன் ஷாக்தான். பிளக்கைப் பிடுங்கினாத்தான் உறவு முழுசா அறும்.

கரன்ட் போனா என்ன பண்ணுவீங்க?

இப்போ ஒரு கேள்வி. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்தில் ஒரு வீடுன்னு வெச்சுக்கோங்க. காலைல அஞ்சரை மணி. தறியில் உட்கார்றதுக்கு முன்னாடி குளிக்கணும், பசங்க ஸ்கூல் கிளம்பணும். 15 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட்டில் 1500 வாட்ஸ் ராடு கிடக்கு. பத்து நிமிஷத்தில் கரன்ட் கட். இருக்கிற வெதுவெதுப்பே போதும்னு அம்மா ராடை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டிட்டு பையனைக் குளிக்கக் கூப்பிடுறாங்க. கரன்ட்தான் இல்லையே, இதுல என்ன தப்பு?

துண்டுச்சீட்டில் 'கரன்ட் போனால்' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்காது. ஆனா பதில் இருக்கு. 'ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே ராடை எடுக்கவும்' என்கிற வரியில், கரன்ட் இருந்தால் மட்டும்னு எங்கேயும் போடலையே! விதிவிலக்கு எழுதலைன்னா விதிவிலக்கு கிடையாதுன்னு அர்த்தம். அந்த வீட்டில் ஸ்விட்ச் ஆன்லயே இருக்கு. ஆறு மணிக்கு கரன்ட் திரும்பி வந்தா, ஜன்னலில் தொங்குற ராடு காத்துல பழுக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் துண்டோ திரைச்சீலையோ இருந்தா தீ. பையன் குளிக்கிற நேரத்தில் ராடு இன்னும் பக்கெட்டுக்குள்ளயே கிடந்தா அது வேற ஆபத்து. அதனால சரியான வரிசை, முதல்ல ஸ்விட்ச், அடுத்து பிளக், கொஞ்சம் ஆறவிட்டு ராடு, கடைசியாதான் தண்ணியில் கை.

இதே பக்கெட்டில் கரன்ட் போகாம இருந்திருந்தா எவ்வளவு நேரம் ஆகும்? 25 டிகிரி தண்ணியை 45 டிகிரிக்குக் கொண்டுபோக 1500 வாட்ஸ் ராடுக்கு ஏறக்குறைய 14 நிமிஷம், 1000 வாட்ஸ்னா 21 நிமிஷம். போன்ல டைமர் வெச்சுட்டா 'சூடாயிடுச்சா'ன்னு விரலை விட்டுப் பார்க்கிற வேலையே இல்லை. இன்னொண்ணு, சூடான தண்ணி மேலே நிற்கும், அடியில் பச்சைத் தண்ணி அப்படியே இருக்கும். ராடை எடுத்துட்டு ஒரு கலக்கு கலக்கிட்டு அப்புறம் தொட்டுப் பாருங்க.

கோடும் பிளக்கும்

ராடில் மினிமம், மேக்சிமம்னு ரெண்டு கோடு போட்டிருப்பாங்க. தண்ணி மினிமத்துக்குக் கீழே போனா சுருளின் ஒரு பகுதி காத்துல நிற்கும், அந்த இடம் மட்டும் பழுக்கும். மேக்சிமத்தைத் தாண்டினா மேலே வயர் சேர்ற மூடிக்குள்ள தண்ணி ஏறும். முதல் கோடு ராடைக் காப்பாத்த, ரெண்டாவது கோடு உங்களைக் காப்பாத்த. ராடு மாட்டியிருக்கும்போது பக்கெட்டில் இருந்து ஒரு சொம்பு மொண்டா, கோடும் இறங்கும், உங்க கையும் தண்ணிக்குள்ள போகும். ரெண்டும் கூடாது.

பிளக் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. 1500 வாட்ஸை 230 வோல்ட்டால் வகுத்தா ஆறரை ஆம்பியர். டிவிக்கும் சார்ஜருக்கும் இருக்கிற சாதாரண பாயின்ட் 6 ஆம்பியர்தான் தாங்கும். அதனாலதான் இந்த ராடுக்கு பெரிய பின் வெச்ச 16 ஆம்பியர் பிளக் தர்றாங்க. அதை ரெண்டு பின் கன்வெர்ட்டர் போட்டோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சொருகினா பாயின்ட் உருகும். அதைவிட மோசம், ரெண்டு பின்னில் எர்த் கிடையாது. ராடு பழுதாகி குழாய்க்கு கரன்ட் வந்தா, எர்த் இருந்தாத்தான் அது மண்ணுக்கு இறங்கி ஃபியூஸோ ட்ரிப்பரோ விழும். எர்த் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் பக்கெட் கரன்ட்டை வெளியே விடாது, சத்தமில்லாம தண்ணிக்குள்ளயே வெச்சிருக்கும். கையை விடுறவர் மூலமாத்தான் அது பூமிக்கு இறங்கும். அதுக்காக இரும்பு, அலுமினிய பக்கெட்டுக்கு மாறாதீங்க. அதுல பக்கெட்டைத் தொட்டாலே போதும். பிளாஸ்டிக் பக்கெட்டில் ராடு அடியையோ பக்கத்தையோ தொடாம, குறுக்கே காய்ஞ்ச மரக்கட்டை போட்டு அதுல கொக்கியை மாட்டுங்க.

வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியிருந்தா இந்த மாதிரி கசிவுக்கு அது உடனே விழும். விழுந்தா 'மக்கர் பண்ணுது'ன்னு திரும்பத் திரும்ப தூக்கிவிடாதீங்க. அது வேலையைச் சரியாத்தான் செய்யுது. பழுது ராடில் இருக்கலாம்.

புதுசா வாங்குறதா இருந்தா ஐ.எஸ்.ஐ. முத்திரையோட ஐ.எஸ். 368 என்ற எண் இருக்கான்னு பாருங்க. இந்தியாவில் தண்ணிக்குள்ள போடுற ஹீட்டருக்கான தர எண் அதுதான். முத்திரைக்குக் கீழே இருக்கிற லைசென்ஸ் நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டா அசலா போலியான்னு தெரிஞ்சிடும்.

பழைய ராடை வெச்சிருக்கிறவங்க இந்த மார்கழிக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. வெள்ளையா உப்பு படிஞ்சிருந்தா வினிகர் கலந்த தண்ணியில் சுருளை மட்டும் ஊறவெச்சு, துடைச்சு, நல்லா காயவெச்சுப் பயன்படுத்தலாம். உப்பு ஏற ஏற தண்ணி சூடாக நேரம் ஆகும். ஆனா குழாயில் வெடிப்பு, கருகல், உப்பல் இருந்தாலோ, வயர் மேல்தோல் உரிஞ்சிருந்தாலோ, மூடி ஆடினாலோ ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோகாதீங்க. வயரை வெட்டிட்டு, பழைய இரும்புக்குப் போட்டுடுங்க.