பசாமானில் நிலநடுக்கம், பந்திங்கில் ஆட்டம்: இடையில் எத்தனை விநாடி?

2022 பிப்ரவரி 25, காலை 9.39. மேற்கு சுமத்ராவின் பசாமான் பகுதியில் 6.1 அளவிலான நிலநடுக்கம். அங்கே 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அடுக்குமாடிகள் ஆட, பலர் படிக்கட்டு வழியாகக் கீழே ஓடி வந்தார்கள். அந்த ஆட்டம் வருவதற்கு முன்பே கைப்பேசியில் எச்சரிக்கை வந்திருக்க முடியுமா?

இரண்டு அலைகள்

நிலநடுக்கம் இரண்டு முக்கிய அலைகளை அனுப்புகிறது. முதலில் வருவது 'பி' அலை. விநாடிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வேகம். பெரும்பாலும் லேசாகத்தான் தெரியும். பின்னால் வரும் 'எஸ்' அலையின் வேகம் ஏறக்குறைய அதில் பாதிதான். ஆனால் கட்டடங்களைப் பலமாக உலுக்குவது அதுவும் அதைத் தொடரும் அலைகளும்தான்.

முன்னெச்சரிக்கை முறை நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிப்பதில்லை. நடுக்கம் தொடங்கிய பிறகு, மையத்துக்கு அருகிலுள்ள கருவி 'பி' அலையைப் பிடிக்கிறது. தகவல் தொலைத்தொடர்பு வழியாகப் பறக்கிறது. அது எந்த நில அலையையும் விட வேகமானது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பசாமான் மையத்திலிருந்து 20 கிலோமீட்டரில் ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'பி' அலை அங்கே சேர 3, 4 விநாடி. கணினி அளவிட்டு எச்சரிக்கை அனுப்ப இன்னும் 5 விநாடி. ஆக, 9-ஆவது விநாடியில் எச்சரிக்கை கிளம்பும்.

அதற்குள் 'எஸ்' அலை 30 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அந்த வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்காது. அதிகச் சேதம் நடப்பதும் அங்கேதான்! சுமார் 65 கிலோமீட்டரில் உள்ள புக்கிட்திங்கிக்கு ஏறக்குறைய 9 விநாடி கிடைக்கும். மேசைக்கு அடியில் புக அது போதும். சுமார் 330 கிலோமீட்டரில் உள்ள பந்திங்குக்கு 'எஸ்' அலை வர 80 விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், 70 விநாடி வரை கிடைக்கும். மின்தூக்கியை அடுத்த மாடியில் நிறுத்திக் கதவைத் திறக்கலாம். ரயிலின் வேகத்தைக் குறைக்கலாம்.

தூரத்தில் அலை பலவீனமாகிவிடும், உண்மைதான். ஆனால் மெதுவாக ஆடும் அலைகள் தொலைதூரம் வரும். மென்மையான மண்ணும் உயரமான கட்டடமும் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். அதனால்தான் மேல்மாடியில் தெரிவது தரை வீட்டில் தெரியாமல் போகிறது.

தவறும் நடக்கும்

ஜப்பான் 2007 அக்டோபரில் இந்தச் சேவையைப் பொதுமக்களுக்குத் தொடங்கியது. 2011 மார்ச் 11 பெரும் நிலநடுக்கத்தில், 'பி' அலையைப் பிடித்த சுமார் 8 விநாடியில் எச்சரிக்கை வந்தது. ஆனால் பூமியின் பிளவு அப்போதும் நீண்டுகொண்டே இருந்ததால் அளவு குறைவாகக் கணிக்கப்பட்டது; தோக்கியோவில் பலமாக ஆடியும் அந்தப் பொது எச்சரிக்கையில் தோக்கியோ இல்லை. 2018 ஜனவரி 5-இல் இதற்கு நேர்மாறு. வெவ்வேறு இடங்களில் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு நடுக்கங்களை ஒன்றாக எண்ணி, கணினி தேவையில்லாத எச்சரிக்கையை அனுப்பியது.

நமக்கு இதில் முக்கியமானது, கருவி எங்கே இருக்கிறது என்பதுதான். பந்திங்கில் இருக்கும் கருவி 'பி' அலையைப் பிடிக்கவே 45 விநாடிக்கு மேல் ஆகிவிடும். கிடைக்கக்கூடிய நேரத்தில் பாதி போய்விடும். அந்த 70 விநாடி வேண்டுமென்றால் சுமத்ராவில் உள்ள கருவியின் தகவல் உடனுக்குடன் இங்கே வர வேண்டும்.