தோல் பராமரிப்பில் புரோபயாட்டிக்குகளும் போஸ்ட்பயாட்டிக்குகளும்

புரோபயாட்டிக், போஸ்ட்பயாட்டிக் என்பன முகப்பூச்சு, களிம்பு முதலிய தோல் பராமரிப்புப் பொருட்களின் விளம்பரங்களில் பயன்படுத்தப்படும் இரு சொற்களாகும். இவற்றுள் முதலாவது பெரும்பாலும் பிழையாகவே பயன்படுத்தப்படுகிறது.

வரைவிலக்கணம்

உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் 2001 ஆம் ஆண்டில் அளித்த வரைவிலக்கணத்தின்படி, போதிய அளவில் கொடுக்கப்படும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாட்டிக்குகள் ஆகும். நன்மை தரும் உயிரற்ற நுண்ணுயிரிகளும் அவற்றின் கூறுகளும் அடங்கிய தயாரிப்பைப் போஸ்ட்பயாட்டிக் என 2021 இல் ஒரு பன்னாட்டு அறிவியலாளர் குழு வரையறுத்தது.

புட்டியில் இருப்பது

நீர் கலந்த களிம்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் வளரும் என்பதால், அவற்றைக் கொல்லும் பாதுகாப்புப் பொருட்கள் சேர்க்கப்படுகின்றன. இவை நல்ல பாக்டீரியா, தீய பாக்டீரியா என்று வேறுபாடு பார்ப்பதில்லை. எனவே கடைகளில் 'புரோபயாட்டிக்' என விற்கப்படும் களிம்புகள் பலவற்றில் இருப்பது உடைக்கப்பட்ட பாக்டீரியாவின் சாறு (லைசேட்) அல்லது நொதிக்க வைத்து வடிகட்டிய நீர்மம் மட்டுமே. 'பிஃபிடா ஃபெர்மென்ட் லைசேட்' என்பது இத்தகைய ஒரு பொருளாகும்.

சான்றுகள்

ஓரளவு நல்ல சான்று உள்ள போஸ்ட்பயாட்டிக்குகளுள் ஒன்று விட்ரியோசில்லா ஃபிலிஃபார்மிஸ் என்னும் பாக்டீரியாவின் சாறு ஆகும். 2008 இல் வெளியான ஆய்வில், அடோபிக் தோலழற்சி (எக்சிமா வகை) உள்ள 75 பேர் 30 நாட்கள் 5% சாறு கலந்த களிம்பையோ சாறு இல்லாத அதே களிம்பையோ பூசினர். சாறு பூசியவர்களிடம் நோய்க் கடுமை கூடுதலாகக் குறைந்தது. வெறும் களிம்பே ஈரப்பதம் காத்து இந்நோயைத் தணிக்கக் கூடியது. ஆகையால் இத்தகைய ஒப்பீடு இல்லாத ஆய்வுகளுக்கு மதிப்புக் குறைவு. எனினும் இவ்வாய்வு சிறியது. அச்சாற்றைப் பயன்படுத்தும் லோரியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்றது. சுருக்கம், முதுமை ஆகியவை குறித்த விளம்பரங்களுக்கு இது சான்றாகாது.

ஒப்பீட்டின் தேவையை ரோசியோமோனாஸ் மியூகோசா என்னும் உயிருள்ள பாக்டீரியாவின் வரலாறு காட்டுகிறது. 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இது 10 பெரியவர்களுக்கும் 5 சிறுவர்களுக்கும் தோலில் தெளிக்கப்பட்டது. பெரும்பாலோர் தேறினர், ஆனால் மருந்துப்போலிக் குழு இருக்கவில்லை. இப்பாக்டீரியாவைக் கொண்டு ஃபோர்ட்டே பயோசயன்சஸ் நிறுவனம் உருவாக்கிய மருந்து பின்னர் மருந்துப்போலியுடன் ஒப்பிடப்பட்டது. 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட முடிவின்படி, நோய்க் கடுமை பாதியாகக் குறைந்தோர் மருந்து பெற்றவர்களில் 58%, மருந்துப்போலி பெற்றவர்களில் 60%. அம்மருந்தின் உருவாக்கம் கைவிடப்பட்டது.

அளவு

ஒரு சாற்றின், ஒரு குறிப்பிட்ட அளவின் முடிவு வேறொன்றுக்குப் பொருந்தாது. விற்பனைப் பொருட்களிலோ அளவு பொதுவாகக் குறிக்கப்படுவதில்லை; ஆனால் உட்பொருள் பட்டியலில் இருந்து ஊகிக்கலாம். 1% க்கு மேற்பட்ட பொருட்கள் இறங்குவரிசையில் முதலில் எழுதப்படும். ஃபீனாக்சி எத்தனால் என்னும் பாதுகாப்புப் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் உச்சவரம்பு 1% ஆகும். பாக்டீரியாச் சாற்றின் பெயர் அதற்கும் பின்னால் வந்தால், அச்சாறு 1% க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை.