சைபர் எத்தனை? – ஹங்கேரி நோட்டு சொல்லும் கணக்கு

உலகத்தில் மக்கள் கைக்கு வந்த பணநோட்டுகளிலேயே பெரிய மதிப்புள்ளது எது என்று கேட்டால், பலரும் ஜிம்பாப்வே என்பார்கள். 2009-ல் அவர்கள் வெளியிட்ட நூறு டிரில்லியன் டாலர் நோட்டில் ஒன்றுக்குப் பின்னால் 14 சைபர்கள் அச்சாகியிருக்கும். நம் கணக்கில் அது ஒரு கோடி கோடி. ஆனால் மதிப்பில் அதையும் தாண்டிய நோட்டு 1946-லேயே ஹங்கேரியில் வந்துவிட்டது. அதில் இப்படி சைபர் வரிசை கிடையாது. மதிப்பை எழுத்தால் எழுதிவிட்டார்கள்: 'நூறு மில்லியன் பி. பெங்கோ'. பெங்கோ என்பது அப்போதைய ஹங்கேரியின் நாணயம்.

அந்த 'பி.' என்ற ஓர் எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. அது பில்லியோ என்பதன் சுருக்கம். நம் பேப்பர்களில் வருகிற பில்லியன் என்றால் 100 கோடி, அதாவது 9 சைபர். ஹங்கேரிக்காரர்களின் பில்லியோவுக்கோ 12 சைபர். நம் பில்லியனை நினைத்துக்கொண்டு அந்த நோட்டைப் படித்தால் மதிப்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

ஒரே பெயருக்கு இரண்டு அளவு எப்படி வந்தது? 1484-ல் பிரான்சில் நிக்கொலா ஷுக்கே என்ற கணிதர் ஒரு கையெழுத்துப் பிரதியில் பெரிய எண்களுக்கு வரிசையாகப் பெயர் கொடுத்தார். ஆறு ஆறு இலக்கமாகப் பிரிப்பது அவர் முறை. மில்லியனுக்கு 6 சைபர், பில்லியனுக்கு 12, டிரில்லியனுக்கு 18. பெயரில் உள்ள 'பி' இரண்டையும் 'டிரி' மூன்றையும் குறிக்கும். அதை ஆறால் பெருக்கினால் சைபர் எண்ணிக்கை வந்துவிடும். அழகான முறைதான். பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்களில் சிலர் மூன்று மூன்றாகப் பிரித்து அதே பெயர்களை வைத்தார்கள். அதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் அரசாங்கம் 1974-ல்தான் பில்லியன் என்றால் இனி 9 சைபர் என்று அறிவித்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இன்றும் ஷுக்கேயின் கணக்குதான்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து, எண்ணைப் பத்தின் அடுக்காக எழுதுவது. நூறுக்கு 2 சைபர், மில்லியனுக்கு 6, ஹங்கேரி பில்லியோவுக்கு 12. பெருக்கும்போது சைபர்களைக் கூட்டினால் போதும்: 2 + 6 + 12 = 20. ஆக அந்த நோட்டு 10²⁰ பெங்கோ. நம் வாயால் சொல்வதானால், ஒரு கோடிக்கு 7 சைபர், கோடி கோடிக்கு 14, மீதி 6 சைபருக்குப் பத்து லட்சம். எனவே பத்து லட்சம் கோடி கோடி பெங்கோ. இதற்கும் மேலே 10²¹ பெங்கோவுக்கு ஒரு நோட்டு அச்சிட்டு வைத்திருந்தார்கள். அது வெளியே வரவில்லை.

இந்த நிலைக்கு ஏன் வந்தார்கள்? போரில் நாடு சிதைந்து கிடந்தது. தோற்ற பக்கத்தில் இருந்ததால் சோவியத் யூனியன், செக்கோஸ்லோவாகியா, யூகோஸ்லாவியா மூன்றுக்கும் சேர்த்து 30 கோடி டாலர் நஷ்டஈடு தரவேண்டியிருந்தது. வரி வருமானம் போதவில்லை. அச்சு இயந்திரத்தை நம்பினார்கள். சைபர்கள் நீள நீள, முதலில் மில்லியன் பெங்கோவை 'மில்பெங்கோ' என்றார்கள், அப்புறம் 'பி. பெங்கோ' என்றார்கள். பழைய நோட்டின் படத்தையே வைத்து, நிறத்தையும் பெயரையும் மாற்றி அடித்த நோட்டுகளும் உண்டு. அடுக்குக்குறி எழுதத் தெரியாத சாமானியனுக்கு அதுதான் அடுக்குக்குறி.

அந்த 1946 ஜூலை மாத விலையேற்றத்தைப் புத்தகங்களில் 4.19 × 10¹⁶ சதவீதம் என்று எழுதுவார்கள். கணிப்பொறித் திரையில் இதுவே `4.19E+16` என்று வரும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவது. அடுக்கில் 16 இருப்பதால் 419-க்குப் பின்னால் 16 சைபர் போட்டுவிடுவார்கள். அடுக்கில் உள்ள எண் சைபர்களின் எண்ணிக்கை அல்ல. புள்ளி வலப்பக்கம் எத்தனை இடம் நகரவேண்டும் என்பதுதான் அது. 4.19-ல் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் இருக்கிறது. புள்ளி முதலில் அந்த இரண்டையும் தாண்டவேண்டும். மிச்சம் 14 இடத்துக்குத்தான் சைபர்:

41900000000000000

மொத்தம் 17 இலக்கம். அடுக்கைவிட இலக்கம் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும். எழுதி முடித்ததும் எண்ணிப் பார்த்துக்கொள்ள இது போதும். தவறாக 16 சைபர் போட்டிருந்தால் 19 இலக்கம் வந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று, அந்த 14 சைபரும் அளந்து கண்ட சைபர்கள் இல்லை. நமக்கு நிச்சயமாகத் தெரிந்தது 4, 1, 9 என்ற மூன்று இலக்கம் மட்டும். மற்றவை இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவை.

சதவீதத்தை மடங்காக்க நூறால் வகுக்கவேண்டும். அடுக்கில் இரண்டு குறையும். 4.19 × 10¹⁴, அதாவது 4.19 கோடி கோடி மடங்கு, ஒரே மாதத்தில். இதை நம்புவதா என்று எனக்கே தோன்றியது. சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த ஜூலையில் ஏறத்தாழ 15 மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டித்தது என்பார்கள். 31 நாளில் 744 மணி. பதினைந்தால் வகுத்தால் 49 தடவைக்குச் சற்று மேல் இரட்டிப்பு. சதுரங்கக் கட்டத்தில் நெல் வைத்த கதைபோல ஒன்றை இரட்டித்துக்கொண்டே போனால், 48 தடவையில் 2.8 கோடி கோடி, 49-ல் 5.6 கோடி கோடி. நம்முடைய 4.19 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. காலையில் பார்த்த விலை மறுநாள் காலையில் மூன்று மடங்கு என்றால் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் என்ன பாடு பட்டிருக்கும்! பென்ஷனில் இருந்தவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இடையில் 1946 ஜனவரியில் 'வரி பெங்கோ' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஆரம்பத்தில் அது ஒரு பெங்கோவுக்குச் சமம். ஜூலை முடிவில் ஒரு வரி பெங்கோ 2 × 10²¹ சாதாரண பெங்கோ. கடைசியில் ஆகஸ்ட் 1 அன்று ஃபோரிண்ட் என்ற புது நாணயம் வந்தது. ஒரு ஃபோரிண்டுக்கு 20 கோடி வரி பெங்கோ, அதாவது 2 × 10⁸. இரண்டையும் பெருக்குங்கள். முன் எண்களைப் பெருக்கினால் 4; அடுக்குகளைக் கூட்டினால் 21 + 8 = 29. ஒரு ஃபோரிண்ட் என்பது 4 × 10²⁹ பெங்கோ.

இதற்கு ஹங்கேரிக்காரர்கள் கணக்கில் நான்கு லட்சம் குவாட்ரில்லியன் என்று பெயர்; அவர்கள் குவாட்ரில்லியனுக்கு 24 சைபர். அமெரிக்கக் கணக்கில் இதே எண் 400 ஆக்டில்லியன். ஆக்டில்லியன் என்ற சொல்லைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? எனக்கு நம் கோடிதான் வசதி. நான்கு கோடிகளைப் பெருக்கினால் 28 சைபர், மீதி 40. எனவே நாற்பது கோடி கோடி கோடி கோடி பெங்கோ கொடுத்தால் ஒரு ஃபோரிண்ட். 

சரி, அந்தப் பெரிய நோட்டுகளில் எத்தனை கொடுத்தால் ஒரு ஃபோரிண்ட்? 4 × 10²⁹-ஐ 10²⁰-ஆல் வகுக்க, அடுக்கைக் கழித்தால் 29 − 20 = 9. விடை 4 × 10⁹. நானூறு கோடி நோட்டுகள். ஒரு ஃபோரிண்டுக்கு நூறு ஃபில்லேர். புதிதாக அடித்ததில் மிகச் சிறிய காசு இரண்டு ஃபில்லேர். அந்த ஒரு செப்புக் காசுக்கு ஈடாக, உலகத்தின் மிகப் பெரிய நோட்டு எட்டுக் கோடி வேண்டும்.